எட்டு இல்லாத வால்வு

பயத்துக்கு வாசனை உண்டு. எனக்கு அது கார்பன் தாளின் வாசனை. மூன்று வெள்ளைத் தாள், நடுவே இரண்டு நீலக் கார்பன், எல்லாவற்றையும் சேர்த்து உருளையில் சுற்றும்போது எழும் அந்த மெழுகு வாசனை. ஒரு விரல் தவறினால் மூன்று தாளிலும் தவறும். மேல் தாளை அழிக்கலாம். கீழே இருக்கும் இரண்டு தாளும் அந்தத் தவறை ஞாபகம் வைத்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு பதில் சொன்னேன். உண்மையில் எனக்கு எந்த நாற்காலியிலும் உட்காரத் தெரியாது. கவிதை எழுதினேன், அதுவும் வரி உடைக்காமல், மூச்சு விடாமல் ஓடுகிற கவிதை. கவிதையில் வயிறு நிறையாது. சுங்குவார்சத்திரத்தில் வீடு; வீட்டில் ஒரு பழைய தட்டச்சுப்பொறி. நெடுஞ்சாலை ஓரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துக்கொண்டிருந்த பட்டறைகளுக்குக் கடிதம், விலைப்பட்டியல், இயந்திரத்தோடு வரும் குறிப்பு என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுத்தேன். பள்ளியை விட்டும் "டீச்சர்" என்னை விடவில்லை.

அப்படித்தான் அவர் வந்தார். சத்திரத்துக்கு மேற்கே, சாலை ஓரம், தகரக் கூரை போட்ட பம்ப் பட்டறையின் முதலாளி. முதலாளி என்று சொன்னால் சிரிப்பார்; கடைசல் இயந்திரத்தில் அவரேதான் நிற்பார். உரத்த குரல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாட்டு முடிந்த பிறகும் அவர் குரல் ஒரு கணம் கூரையில் தங்கியிருக்கும்.

அவர் ஒரு ஃபுட்வால்வு கண்டுபிடித்திருந்தார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் மாட்டுவது அது. பம்ப் நின்றாலும் குழாயில் ஏறிய தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைக்க வேண்டும். ஆனால் சாதாரண வால்வில் மணல் ஒரு துளி மாட்டிக்கொண்டால் போதும், தண்ணீர் கசிந்துவிடும். காலையில் வாளி வாளியாக ஊற்றினால்தான் பம்ப் எடுக்கும். அவருடைய வால்வில் மூடும் தகட்டின் விளிம்பில் ரப்பரால் ஓர் உதடு. தகடு இறங்கும்போது அந்த உதடு அடியில் இருக்கும் இருக்கையை வழித்து, மணலை அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தள்ளிவிடும். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மணல் கிணற்றில் கோடை முழுக்க அது ஓடியது. ஒரு நாளும் வாளி தூக்கவில்லை.

"இத்த இங்கிலீசுல எய்திக் குடு டீச்சர்," என்றார். "மெட்ராசுல ஏஜென்ட் சார் சொல்லிட்டாரு. மொத மனு போட்டாச்சு. முழு விவரம் கெடுவுக்குள்ள போடலன்னா மனுவே செத்துப்பூடும்."

அந்த ஏஜென்ட்டை நான் பிறகு பார்த்தேன். காப்புரிமை விண்ணப்பங்களே தொழிலாகக் கொண்டவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் எனக்கு நிலைமையை விளக்கியபோதுதான் பயம் முதலில் உள்ளே வந்து உட்கார்ந்தது. முதலில் போட்டது தற்காலிக விவரம். முழு விவரமும் வரைபடமும் கெடு நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். புதிதாக இன்னொன்று போடவும் முடியாது. மனு போட்ட தைரியத்தில் பட்டறைக்காரர் ஊரெல்லாம் வால்வை விற்றிருந்தார். புதுப்பொருளுக்குத்தான் காப்புரிமை; விற்ற பொருள் புதுப்பொருள் இல்லை. அதோடு, பெரிய பம்ப் கம்பெனி ஒன்றின் ஆள் பட்டறைக்கே வந்து இரண்டு வால்வு வாங்கிக்கொண்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போயிருந்தான்.

"அவன் கெணத்துக்கா வாங்குனான்? பிரிச்சுப் பாக்க வாங்குனான்," என்றார் பட்டறைக்காரர். அவர் குரல் முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது.

இந்த மொழிபெயர்ப்பு எனக்குப் பழக்கமான எதையும் போல இல்லை. கவிதையில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் வறுமை. இங்கே சொல்லை மாற்றினால் ஆபத்து. அவரோ தமிழில் எழுதித் தந்த குறிப்பில் மூடும் தகட்டை ஒரு பக்கத்தில் மூடி என்பார், அடுத்த பக்கத்தில் தட்டு, அதற்கும் அடுத்து நாக்கு.

"ஒரு பேரைப் பிடிச்சுக்கோங்க," என்றேன்.

"இன்னா டீச்சர் நீ! என் பொண்டாட்டிய நானு நாலு பேரு வெச்சுக் கூப்புடறேன். ஆளு மாறிப்பூட்டாளா?"

பட்டறையின் உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "நாலு பேரா? எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். மத்த ரெண்டு யாருன்னு கேளு டீச்சர்."

"பார்த்தீங்களா," என்றேன். "நாலு பேர் எழுதினா படிக்கிறவன் நாலு ஆள்னு நினைப்பான்."

அன்றிலிருந்து அது ஃபிளாப். முதல் வரியிலிருந்து கடைசி உரிமைக்கோரல் வரை ஃபிளாப் மட்டுமே. அது உட்காரும் இடம் சீட். ரப்பர் விளிம்பு லிப். பள்ளம் குரூவ். அழகான வேறு சொற்கள் விரல் நுனிக்கு வந்து வந்து நின்றன. வாசலில் நிற்கும் விருந்தாளிகளைப் போல் அவற்றைத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அடைப்புக்குள் ஓர் எண். வரைபடத்தில் சொற்களுக்கு இடமில்லை. பாகத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி ஓர் எண்ணில் போய் நிற்கும், அவ்வளவுதான். எழுத்தையும் படத்தையும் கட்டிப்போட்டிருப்பது அந்த எண் ஒன்றே. ஒரே பாகம் எந்தப் படத்தில் வந்தாலும் ஒரே எண். இன்னொரு பாகத்துக்கு அந்த எண் கிடையாது.

எண்களை அவரே வைத்திருந்தார். அது அந்தப் பட்டறையின் பழக்கம். ஒவ்வொரு வால்வின் பாகத்துக்கும் எண் வைத்து, மாதிரி வால்வில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவிடுவார். அங்கே யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "பத்து ஒண்ணு குடு", "பன்னெண்ட கொஞ்சம் கடைஞ்சு வை" என்றே பேச்சு. ஒன்று உடல், இரண்டு மரை, மூன்று சல்லடை என்று போய், ஆறு பின், ஏழு கை, ஒன்பது ஃபிளாப், பத்து சீட், பதினொன்று லிப், பன்னிரண்டு குரூவ், பதின்மூன்று எடை, பதினான்கு போல்ட்.

"எட்டு எங்கே?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். மனைவிதான் சொன்னார். "எட்டு அவருக்கு ஆகாது. எட்டாம் நம்பர் பஸ்ஸுல ஏற மாட்டாரு. எட்டாந்தேதி வூட்ட வுட்டு வெளிய போவ மாட்டாரு. கோயில்ல முட்டி போடறவரு எட்டுக்குப் பயப்படறாருன்னு சாமியாரு கூடத் திட்டிப் பாத்துட்டாரு."

"ஏசுநாதரு எட்டப் பத்தி ஒண்ணியும் சொல்லல," என்றார் அவர். "அதான் ரோசனையா கீது."

சிரித்தேன். ஏஜென்ட்டைக் கேட்டேன். எண்கள் வரிசையாக இருந்தே தீர வேண்டும் என்று விதி ஏதும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று பொருந்தினால் போதும் என்றார். சரி, எட்டு இல்லாமலே இருக்கட்டும் என்று தட்டச்சுச் செய்தேன். கடைசியில் ஒரு சுருக்கமும் தயாரித்தேன். விண்ணப்பத்தோடு அது வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மனு உள்ளே போன பிறகு வெளிநாட்டு பம்ப் கம்பெனி ஒன்றுக்குக் காட்டலாம் என்று ஏஜென்ட் விரும்பினார். ஒரே பத்தி. என்ன பொருள், எந்தச் சிக்கல், எந்தப் பாகம் எப்படித் தீர்க்கிறது. அதிலும் அடைப்புக்குள் எண்கள்.

"ஒலகத்துலயே பெஸ்ட் வால்வுன்னு போடு," என்றார் பட்டறைக்காரர்.

"சுருக்கத்துல புகழ்ச்சி கூடாது."

"அப்ப நீ கவிதை எழுதற பொம்பளைன்னு எவன் சொன்னான்?"

வரைபடத்துக்கு வேறு ஆள். ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்த, ஒரு தொழிற்சாலையின் வரைவுப் பிரிவில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர். கை அவ்வளவு சுத்தம்; அவர் போட்ட கோட்டில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்பார்கள். பட்டறைக்காரர் கையால் போட்ட படத்தை வைத்துக்கொண்டு, கஞ்சி ஏற்றிய டிரேசிங் துணியில் கறுப்பு மையால் வரைய வேண்டும். ஷிப்ட், ஓ.டி. என்று தள்ளிப்போய், கெடு நாளுக்கு முந்தைய சாயங்காலம்தான் சுருளைக் கொடுத்தார். பட்டறைக்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். ஒரு கையில் சுருள், மறு கையில் மாதிரி வால்வு கிடந்த துணிப்பை. தட்டச்சுத் தாள்கள் என் மடியில். மெட்ராஸ் பஸ்.

பஸ் கிளம்பியதும் சுருளைப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணி நீலமாக ஒளிர்ந்தது. மூன்று படங்கள். திறந்த வால்வு, மூடிய வால்வு, லிப்பும் சீட்டும் தொடும் இடம் மட்டும் பெரிதாக. எவ்வளவு அழகு என்று ஒரு கணம் பார்த்தேன். அடுத்த கணம் என் கண் ஓர் எண்ணில் இடறியது.

எட்டு.

ஃபிளாப்பிலிருந்து கிளம்பிய கோடு எட்டில் நின்றது. சீட் ஒன்பது. லிப் பத்து. குரூவ் பதினொன்று. எல்லாமே ஒன்று குறைந்து, அணி வகுப்பில் ஒருவன் முன்னால் நகர்ந்ததும் பின்னால் நின்ற அத்தனை பேரும் நகர்ந்ததைப் போல.

வெளியே ஏரிக்கரை ஓடிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த தாளில் படித்தேன்: லிப் (11) சீட்டை (10) வழித்து மணலைக் குரூவில் (12) தள்ளுகிறது. படத்தைப் பார்த்தேன். பதினொன்று குரூவ். எல்லாப் பழைய வால்விலும் உள்ள அதே பள்ளம். இந்தக் கண்டுபிடிப்பில் புதிதாக இருக்கும் ஒரே பாகத்தை என் எழுத்து சுட்டிக்காட்ட, அந்தச் சுட்டு விரல் பழைய பள்ளத்தில் போய் நிற்கிறது. சொல்லை நம்புவதா, எண்ணை நம்புவதா? எதிராளி தனக்கு எது வசதியோ அதை நம்புவான். ஏஜென்ட் சொல்லியிருந்தார்: ஒருமுறை உள்ளே போன விவரத்தைப் பிறகு இஷ்டப்படி மாற்ற முடியாது. பார்த்தவுடனே பிழை என்று எவனுக்கும் தெரிகிற பிழையென்றால் திருத்தலாம். இது அப்படிப்பட்ட பிழையா? இது அர்த்தமுள்ள தவறு. அர்த்தமில்லாத தவறைவிட அர்த்தமுள்ள தவறு பயங்கரமானது.

"இன்னா டீச்சர், மூஞ்சி வெளிறிப்போச்சு? வாந்தி வருதா?"

விரலை எட்டின் மேல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து!" என்று கத்தினார்.

நடத்துனர் திரும்பிப் பார்த்து, "ஸ்ரீபெரும்புதூரு வந்தாத்தான்யா ஸ்டாப்பு. இன்னா, புருசன் பொண்டாட்டி சண்டையா?" என்றான்.

"ஏய், அவங்க டீச்சர்யா!" என்றார் இவர். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வரைவாளர் வீட்டுக்கு ஓடினோம். அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா சொல்லுதிய? எட்டு விட்டுப்போயிருந்துதுல்லா? பாவம், படிக்காத மனுசன் மறந்துட்டாருன்னு நெனச்சு நான்தான் சரி பண்ணினேன்."

"யார்ரா படிக்காதவன்?" என்றார் பட்டறைக்காரர். "நானு மறப்பனா? எட்ட வெரட்டி வுட்டுட்டு வந்தா, நீ கூப்ட்டு உக்கார வெச்சுகினு கீற!"

"அண்ணாச்சி, வரிசைன்னா வரிசையா இருக்கணும். எங்க டிராயிங் ஆபீசுல ஒரு நம்பர் விட்டா வேலை போயிரும்."

இருவர் மேலும் தவறில்லை என்பதுதான் என்னை இன்னும் நடுங்கவைத்தது. ஒருவர் தன் பயத்தால் ஓர் எண்ணை விட்டார். இன்னொருவர் தன் நேர்த்தியால் அதை நிரப்பினார். இடையில் ஒரு வால்வு மூழ்கிக்கொண்டிருந்தது.

எதை மாற்றுவது? எழுத்தை மாற்றினால் அத்தனை பக்கமும், மூன்று நகலும், ஒவ்வோர் அடைப்பும். அதைவிட முக்கியம், முன்பே போட்டிருக்கும் தற்காலிக விவரத்திலும் ஏழுக்கு அடுத்து ஒன்பதுதான். படத்தைத்தான் மாற்ற வேண்டும். டிரேசிங் துணியில் மையைப் பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே மறுபடி எழுதலாம். கொஞ்சம் அழுத்தினால் துணி கிழியும். தேய்ப்பு போதாவிட்டால் மை பரவும்.

வரைவாளர் பிளேடைப் பாதியாக ஒடித்தார். முதல் படத்தில் எட்டைச் சுரண்டி, ஊதி, ஒன்பது என்று எழுதினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நிறுத்துங்க! இப்ப இந்தப் படத்துல ரெண்டு ஒன்பது இருக்கு!"

அவர் கை அப்படியே நின்றது. ஃபிளாப்பில் ஒரு ஒன்பது, சீட்டில் இன்னும் மாற்றாத பழைய ஒன்பது. அடுத்ததாக ஒன்பதைப் பத்தாக்க வேண்டும். எந்த ஒன்பதை? தூக்கக் கண் தவறான ஒன்பதைப் பிடித்தால் குழப்பம் இன்னோர் அடுக்கு ஏறும்.

"கடைசியிலேர்ந்து வாங்க," என்றேன். "பதிமூணை முதல்ல பதினாலாக்குங்க. அப்புறம் பன்னெண்டைப் பதிமூணு. மேலேர்ந்து கீழே இறங்குங்க. அப்பதான் ஒரு நம்பர் இன்னொரு நம்பரோட தலையில ஏறாது."

பட்டறைக்காரர் பையிலிருந்து மாதிரி வால்வை எடுத்துப் பாயில் வைத்தார். திருகிப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு எண். "நீ நம்பர் சொல்லு டீச்சர், நானு சாமானத் தூக்கறேன், அவுரு படத்துல கைய வெக்கட்டும்." அப்படியே செய்தோம். நான் தாளில் படிப்பேன். அவர் பித்தளைப் பாகத்தை உயர்த்துவார். வரைவாளர் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எண்ணில் விரலை நிறுத்துவார். தாள், பொருள், படம். மூன்றும் ஒத்தால்தான் பிளேடு இறங்கும்.

பிளேடின் கிரீச் என்ற சத்தம் எலும்பைச் சுரண்டுவதைப் போல் இருந்தது. வரைவாளர் மனைவி காபி கொண்டுவந்தார். துணி பக்கத்தில் வைக்கப் போனபோது மூன்று பேரும் ஒரே குரலில் அலறினோம். அவர் தம்ளரோடு அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டார்.

மூன்றாவது படத்தில் மூன்று எண்கள்தான், பத்து, பதினொன்று, பன்னிரண்டாக வேண்டியவை. அதில் பதினொன்றை எழுதும்போது மை லேசாகப் பரவியது. ஓர் ஒன்று தடித்து, கால் வீங்கினதைப் போல் நின்றது. "போதும், தொடாதீங்க," என்றேன். சில இடத்தில் நேர்த்தியைவிடத் துணி கிழியாதது முக்கியம்.

கடைசியாகச் சுருக்கத்தைப் படித்தேன். ஃபிளாப் (9), சீட் (10), லிப் (11), குரூவ் (12). பித்தளை உயர்ந்தது, விரல் நின்றது. பொருந்தியது.

மறுபடி பஸ். பூந்தமல்லியில் போக்குவரத்து நின்றபோது பட்டறைக்காரர் ஜெபமாலையை எடுத்தார். நான் தாளையும் படத்தையும் திரும்பத் திரும்ப ஒத்துப் பார்த்தேன். பொருந்திய எண்கூட இன்னொரு முறை பார்க்கும்போது பொருந்தாதது போல் தோன்றியது. நல்ல சொல்லையே பலமுறை சொன்னால் அர்த்தம் உதிர்ந்துவிடுமே, அதைப் போல. ஏஜென்ட் காப்புரிமை அலுவலகத்தின் வெளி வராந்தாவில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். எதுவும் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுரண்டினது தெரியறது," என்று மட்டும் சொன்னார். பிரிண்ட் எடுக்க ஆள் ஓடினான். அலுவலகம் மூடும் முன் மனு உள்ளே போனது.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு அறிவிப்பு வெளியானதும் அந்தப் பெரிய பம்ப் கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார் ஏஜென்ட். மொழிபெயர்ப்பு பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல. நீள மேசை, அதன் ஒரு முனையில் காப்புரிமை அதிகாரி, மேலே சுற்றும் மின்விசிறி, எதிர்ப்பக்கம் கறுப்புக் கோட்டில் ஒரு வக்கீல். அவர் நிதானமாக, ஆங்கிலத்தில், எண்ணை எண்ணாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வோர் எண்ணிலும் பென்சில் நுனியை வைத்து நிறுத்தினார். ஏழில் நின்றார். அடுத்து ஒன்பது. பென்சில் அங்கேயே நின்றது.

எட்டாவது பாகம் எங்கே, என்று கேட்டார். மூலப் படத்தைத் தாம் அலுவலகத்தில் பார்த்ததாகவும், அதில் சுரண்டிய தடம் இருப்பதாகவும் சொன்னார். வால்வு உண்மையில் வேலை செய்யக் காரணமான ஒரு பாகத்தை வரைந்துவிட்டு, பிறகு அழித்து மறைத்திருக்கிறார்கள். ஆகவே கண்டுபிடிப்பு முழுமையாக வெளிப்படுத்தப்படவில்லை என்பது அவர் வாதம்.

எட்டு அங்கே இருந்தது உண்மை. அதை நாங்கள் சுரண்டியதும் உண்மை. காப்பாற்றச் செய்த காரியமே இப்போது குற்றத்தின் முகத்தோடு திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் "எய்ட்" அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொன்னேன்ல டீச்சர்," என்றார் காதோரம். "வந்துட்டான் பாத்தியா."

ஏஜென்ட் மெதுவாக எழுந்தார். வரைவாளர் இடையில் ஒரு தவறு செய்தார், அது திருத்தப்பட்டது என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு இரண்டு விஷயம் காட்டினார். சுரண்டல் ஓரிடத்தில் இல்லை. ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ஒவ்வோர் எண்ணின் அடியிலும் இருக்கிறது. ஆனால் எந்தக் கோட்டிலும் இல்லை. ஒரு பாகத்தை அழித்திருந்தால் அதன் உருவமும் அதற்குப் போகும் கோடும் அல்லவா அழிந்திருக்கும்? இரண்டாவது, முதலில் போட்ட தற்காலிக விவரம். வால்வு ஒன்றுகூட விற்பதற்கு முன், இந்தக் கம்பெனி இதைக் கேள்விப்படுவதற்கும் முன் கொடுத்தது. அதிலும் ஏழுக்கு அடுத்து ஒன்பது.

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம். மின்விசிறியின் நிழல் தாள்மேல் வந்து வந்து போயிற்று. பிறகு தலையை நிமிர்த்தி, பட்டறைக்காரரிடம் தமிழிலேயே கேட்டார்.

"சரி, முதல்லயே எட்டை ஏன் விட்டீங்க?"

பட்டறைக்காரர் எழுந்து நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ.

"எட்டு எனக்கு ஆகாது சார்."

யாரோ சிரித்தார்கள். வக்கீல்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார். அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் நான் கழித்த அந்தச் சில நிமிடங்களைப் பிறகு எந்தக் கவிதையிலும் என்னால் எழுத முடியவில்லை.

முடிவு பல வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது. எதிர்ப்பு தள்ளுபடி. காப்புரிமை கிடைத்தது. பட்டறையில் அன்றைக்கு ஜிலேபி கொடுத்தார்கள். வரைவாளரும் வந்திருந்தார்; இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் பட்டறைக்காரர் மறுபடி வந்தார். லிப்பைத் தாங்க ஒரு சின்ன வளையம் சேர்த்திருந்தார். அதற்கும், முதல் காப்புரிமையோடு ஒட்டி, சேர்க்கைக் காப்புரிமை ஒன்று போட வேண்டுமாம். எங்களோடு உட்கார்ந்திருந்த வரைவாளர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, எட்டு காலியாத்தான கெடக்கு? வளையத்த அதுல போட்டுட்டா வரிசையும் சரியாப்போவும்லா?"

பட்டறைக்காரர் ஜிலேபி ஞாபகத்தையும் தாண்டி அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தாள்களுக்கிடையில் கார்பனைச் செருகினேன். அந்த வாசனை எழுந்தது. எட்டின் விசையைத் தொடாமல், வளையம் (15) என்று அடித்தேன்.